"எடிட், பிளாங்க்" என்று மட்டும் சொல்கிறதா? கடைத் தளத்தைக் காதால் கேட்டுச் சரிசெய்வது

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒரு கடைக்கு நான்தான் இணையதளம் செய்து கொடுத்தேன். ஒருநாள் கடைக்காரர் ஒரு போனை எனக்கு மாற்றிவிட்டார். பேசியவர் கோபியில் இருக்கும் ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியார். பார்வை இல்லாதவர், திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் NVDA என்ற மென்பொருளை வைத்துக் கணினியைப் பயன்படுத்துகிறார்.

"ஏனுங்க, பொண்ணுக்குக் கல்யாணமுங்க. பந்தல்ல விரிக்க நாலு ஜமக்காளம் வேணும். உங்க பக்கத்துல அரை மணி நேரமா சுத்தறனுங்க. எது என்ன நிறம், எது எத்தனை அடின்னு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதுங்க" என்றார்.

எந்த இடத்தில் என்ன கேட்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். அவர் சொன்ன வரிசையில்தான் பழுது பார்த்தேன், அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். உங்கள் தளத்திலும் காதில் விழுவது இதில் எதுவோ, அந்த இடத்துக்கு நேரே போகலாம்.

முதலில் கேட்க ஏற்பாடு

NVDA விண்டோஸில் ஓடும் ஸ்கிரீன் ரீடர், இலவசம். nvaccess.org தளத்தில் இறக்கிக்கொள்ளலாம். அதன் கட்டளைகள் பலவற்றுக்கு ஒரு தனி விசை தேவை. வழக்கமாக அது Insert. மடிக்கணினியில் Caps Lock விசையை அதற்கு வைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கேட்பவருக்கு அதன் பேச்சு வேகம் பிடிபடாது. அதனால் Insert+N அழுத்தி மெனுவைத் திறந்து, Tools என்பதற்குள் Speech Viewer என்பதைப் போட்டுவிடுங்கள். பேசுவதெல்லாம் ஒரு சின்னச் சாளரத்தில் எழுத்தாகவும் வரும்.

பக்கத்துக்குள் H அடுத்த தலைப்புக்கும், G அடுத்த படத்துக்கும், F அடுத்த படிவப் புலத்துக்கும், B அடுத்த பட்டனுக்கும் கொண்டுபோகும். எழுத்துப் பெட்டிக்குள் நிற்கும்போது H அழுத்தினால் அது பெட்டிக்குள் எழுத்தாகவே விழும். அப்போது Esc அழுத்திவிட்டு மறுபடி முயலுங்கள். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். மவுஸ் கையில் இருந்தால் கண் தானாக வழி கண்டுபிடித்துவிடும், பழுது தெரியாது.

அறிகுறி: H அழுத்தினால் "நோ நெக்ஸ்ட் ஹெட்டிங்"

கண்ணால் பார்த்தால் எங்கள் பக்கத்தில் பெரிய எழுத்தில் "பந்தல் விரிப்பு", "பூஜை அறை விரிப்பு", "பந்திக்கு" என்று மூன்று பிரிவுகள் பளிச்சென்று இருந்தன. வாத்தியாருக்கு அப்படி எதுவுமே இல்லை. காரணம், அவை தலைப்பாகக் குறிக்கப்படவில்லை. வெறும் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தேன், அவ்வளவுதான்.

```html
<div class="periya-ezhuthu">பந்தல் விரிப்பு</div>
```

ஸ்கிரீன் ரீடர் எழுத்தின் அளவைப் பார்த்து இது தலைப்பு என்று ஊகிப்பதில்லை. HTML என்ன சொல்கிறதோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். div என்றால் அதற்கு அது ஒரு பெட்டி. மாற்றியது இவ்வளவே:

```html
<h2 class="periya-ezhuthu">பந்தல் விரிப்பு</h2>
```

வேர்ட்பிரஸ் போன்றவற்றில் கடைக்காரரே எழுத்தை ஏற்றும்போது இதே பழுது வேறு உருவில் வரும். பத்தியைத் தேர்ந்து தடிமனாக்கி, அளவைக் கூட்டியிருப்பார்கள். அதை அழித்துவிட்டு "Heading" பிளாக்கில் போட்டால் சரியாகிவிடும். தோற்றம் பிடிக்கவில்லையென்றால் அதை CSS-ல் திருத்திக்கொள்ளுங்கள். எழுத்து சின்னதாக வேண்டும் என்பதற்காக h2 இருக்க வேண்டிய இடத்தில் h4 போடாதீர்கள். அந்த எண் அளவைக் குறிப்பதில்லை, எது எதற்குள் அடங்குகிறது என்பதைக் குறிக்கிறது.

இதை மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். வாத்தியாருக்குத் திரும்பவும் போன் செய்தேன். "இப்போ தலைப்பு வருதுங்க. ஆனா வந்துட்டே இருக்குதுங்களே" என்றார். கேட்டுப் பார்த்தால் உண்மைதான். நான் வாங்கிப் போட்ட டெம்ப்ளேட்டில் ஒவ்வொரு ஜமக்காளத்தின் பெயரும் h3, விலை h4, "சலுகை" என்ற சிவப்புப் பட்டையும் h4. 24 பொருளுக்கு 72 தலைப்பு. அடுத்த பிரிவுக்குப் போக நினைத்து H அழுத்துகிறவர் விலைகளுக்குள் தட்டுத் தடுமாறி நடக்க வேண்டியிருந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. Insert+F7 அழுத்தினால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் Headings என்பதைத் தேர்ந்தால் பக்கத்தின் தலைப்புகள் மட்டும் மரக்கிளை போல வரிசையாக நிற்கும். மற்ற எதையும் பார்க்காமல் அந்தப் பட்டியலை மட்டும் படியுங்கள். ஒரு புத்தகத்தின் பொருளடக்கம் போல இருந்தால் சரி. எங்களுடையது கடைசியில் இப்படி வந்தது:

```
1  பவானி ஜமக்காளங்கள்
   2  பந்தல் விரிப்பு
      3  சிவப்பு பச்சைப் பட்டை
      3  கருநீலப் பட்டை
   2  பூஜை அறை விரிப்பு
```

விலையும் சலுகையும் சாதாரணப் பத்தியாகிவிட்டன. பொருளின் பெயர் மட்டும் h3 ஆக நிற்கிறது. பெயரில் நின்று கீழ் அம்பு அழுத்தினால் விலை வந்துவிடும். இப்போது பிரிவு தாண்ட 2 என்ற எண் விசை, பொருள் தாண்ட 3 என்ற எண் விசை. NVDA-வில் 1 முதல் 6 வரை எண்ணை அழுத்தினால் அந்த நிலைத் தலைப்புக்கே தாவும். நிலை ஒழுங்காக இருந்தால்தான் அந்த விசைகளால் பயன் உண்டு.

அறிகுறி: படத்தில் நின்றால் கோப்பின் பெயரை ஒப்பிக்கிறது

வாத்தியாரை அதிகம் அலைய வைத்தது இதுதான். ஒவ்வொரு ஜமக்காளப் படத்திலும் "கிராபிக், லிங்க், ஐ எம் ஜி அண்டர்லைன்" என்று தொடங்கி, போனில் எடுத்த தேதியும் நேரமும் எண்ணாக ஓடியது. படத்துக்கு மாற்று உரை இல்லை, ஆனால் படம் ஒரு லிங்க். லிங்க்குக்கு ஏதாவது ஒரு பெயர் சொல்லியாக வேண்டுமே என்று NVDA கோப்பு முகவரியிலிருந்து கிடைத்ததைப் படிக்கிறது.

`alt` எழுத வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். என்ன எழுதுவது என்பதில்தான் தடுமாறுகிறோம். நான் எழுதிப் பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

முதலில் "ஜமக்காளத்தின் படம்" என்று எழுதினேன். படம் என்பதை ஸ்கிரீன் ரீடரே "கிராபிக்" என்று சொல்லிவிடுகிறது, ஜமக்காளம் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. 24 படத்துக்கும் இதையே கேட்டால் ஒன்றுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: "பவானி ஜமக்காளம் கைத்தறி ஈரோடு குறைந்த விலை" என்று போட்டால் கூகுளில் மேலே வருமாம். அது கேட்பவரின் நேரத்தை விழுங்குவது. அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பிறகு வாத்தியாரிடமே கேட்டேன், நிறத்தைச் சொல்வது உங்களுக்கு உதவுமா என்று. "என்னங்க இப்படிக் கேக்கறீங்க! கல்யாணத்துக்கு வர்றவங்க எல்லாம் பாப்பாங்கல்லங்க. சீர்த்தட்டு வைக்கிற விரிப்பு என்ன நிறம்னு எனக்கும் தெரியோணுமுங்க" என்றார். அந்தப் பேச்சிலிருந்துதான் கடைசி வடிவம் வந்தது:

```html
<img src="j07.jpg" alt="அகலமான சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டைகள்; இரண்டு ஓரத்திலும் கருநீலக் கரை">
```

கண்ணால் பார்ப்பவர் இந்தப் படத்தைப் பார்த்து எதைத் தெரிந்துகொண்டு வாங்க முடிவு செய்கிறாரோ, அது மட்டும் இதில் இருக்கிறது. பெயர், அளவு, விலை எல்லாம் பக்கத்திலேயே எழுத்தாக இருப்பதால் இங்கே திரும்ப வரத் தேவையில்லை. இத்தனை எழுத்துதான் என்று கணக்கு எதுவும் கிடையாது. ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அளவு என்பதை நான் வைத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் நெசவைப் பற்றிச் சொல்ல இருந்தால் பக்கத்தின் உடலில் எழுதுங்கள், அது எல்லோருக்கும் பயன்படும்.

அலங்காரத்துக்கு வைத்த கோலம், பிரிவுகளுக்கு நடுவே வரும் பூக்கோடு போன்றவற்றுக்கு `alt=""` என்று காலியாக விடுங்கள். ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் லிங்க்குக்குள் படம் மட்டும் தனியாக இருந்தால் அதைக் காலியாக விடக் கூடாது. விட்டால் லிங்க்குக்குப் பெயரே இல்லாமல் போய், பழையபடி முகவரியைப் படிக்க ஆரம்பிக்கும்.

எங்கள் பக்கத்தில் படம் ஒரு லிங்க், பெயர் ஒரு லிங்க், இரண்டும் ஒரே இடத்துக்குப் போயின. ஒவ்வொரு பொருளிலும் இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே `<a>` க்குள் கொண்டுவந்தேன், பாதி நிறுத்தங்கள் குறைந்தன.

அறிகுறி: படம் இருக்கும் இடத்தில் சத்தமே இல்லை

லிங்க் இல்லாத படத்துக்கு alt இல்லையென்றால் NVDA பெரும்பாலும் ஒன்றும் சொல்லாமல் கடந்துவிடும். கோப்புப் பெயராவது வந்தால் ஏதோ இருக்கிறது என்று தெரியும். இதில் இருப்பதே தெரியாது. அதனால் இந்தப் பழுதைக் காதால் மட்டும் பிடிக்க முடியாது. திரையையும் Speech Viewer-ஐயும் பக்கம் பக்கமாக வைத்து, எந்தப் படம் விட்டுப்போகிறது என்று பார்க்க வேண்டும்.

எங்களுக்கு விட்டுப்போனது விலைப்பட்டியல். அச்சகத்தில் அடித்த நோட்டீஸை அப்படியே படமாக ஏற்றியிருந்தார் கடைக்காரர். அனுப்பும் கட்டணம், எத்தனை எடுத்தால் எவ்வளவு குறையும் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. இதற்கு நீளமாக ஒரு alt எழுதுவது சரியான மருந்தல்ல. alt உரைக்குள் வரிசையும் நிரலும் கிடையாது, ஒரே மூச்சாக ஓடிவிடும். பட்டியலை உண்மையான அட்டவணையாகத் தட்டச்சு செய்து, தலைப்புக் கட்டங்களை `<th>` என்று குறித்தேன். இப்போது Ctrl+Alt+அம்பு விசைகளால் கட்டம் கட்டமாக நகரலாம். போனில் பார்ப்பவர்களும் இனி நோட்டீஸை விரலால் பெரிதாக்க வேண்டியதில்லை.

தட்டச்சு செய்யும்போது இன்னொன்று வெளியில் வந்தது. அச்சகத்தில் வாங்கிய கோப்பை அப்படியே ஒட்டினால் தமிழ் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும், உள்ளே இருப்பது ஆங்கிலக் குறிகள். "தமிழ்" என்ற சொல் பாமினியில் `jkpo;` என்று இருக்கும், ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் படிக்கும். யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும்.

அறிகுறி: படிவத்தில் "எடிட், பிளாங்க்"

ஆர்டர் படிவத்தில் Tab அழுத்த அழுத்த "எடிட், பிளாங்க்", "எடிட், பிளாங்க்" என்று ஆறு முறை வந்தது. எது பெயர், எது ஊர், எது போன் எண் என்று சொல்லவே இல்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் மேலே திரையில் எழுத்து இருந்தது, ஆனால் அந்த எழுத்துக்கும் பெட்டிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதற்கு ஸ்கிரீன் ரீடர் இல்லாமலே சோதனை செய்யலாம். "கைபேசி எண்" என்ற எழுத்தின் மேல் மவுஸால் சொடுக்குங்கள். கர்சர் பெட்டிக்குள் போய் நின்றால் இணைந்திருக்கிறது. ஒன்றும் நடக்கவில்லையென்றால் இணையவில்லை. இணைக்கும் முறை:

```html
<label for="anuppu-phone">கைபேசி எண்</label>
<input id="anuppu-phone" type="tel" autocomplete="tel">
```

`for` என்பதில் இருப்பதும் `id` என்பதில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் placeholder எழுத்தை லேபிளுக்குப் பதிலாக நம்பாதீர்கள். ஸ்கிரீன் ரீடர் சில நேரம் அதைப் பெயராகச் சொல்லும். ஆனால் தட்டச்சு செய்யத் தொடங்கியதும் திரையிலிருந்து மறைந்துவிடும், கண் மங்கலானவர்களுக்கு முதலிலேயே தெரியாது.

லேபிளை எல்லாம் இணைத்த பிறகும் இரண்டாவது பாதியில் "எடிட், பிளாங்க்" தொடர்ந்தது. அரை நாள் தேடினேன். எங்கள் படிவத்தில் பணம் கட்டுபவர் முகவரி, பொருள் போய்ச் சேர வேண்டிய முகவரி என்று இரண்டு பகுதி. முதல் பகுதியை நகலெடுத்து இரண்டாவதாக ஒட்டியிருந்தேன், `id="phone"` இரண்டு இடத்திலும் அப்படியே இருந்தது. ஒரு பக்கத்தில் ஒரே id இரண்டு முறை வந்தால் லேபிள் முதலில் வருவதோடுதான் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது பெட்டி பெயரில்லாமல் நிற்கும். மேலே சொன்ன சொடுக்குச் சோதனையில் இது நன்றாகத் தெரியும்: கீழே இருக்கும் லேபிளைச் சொடுக்கினால் கர்சர் மேலே இருக்கும் பெட்டிக்குத் தாவும். `anuppu-phone`, `panam-phone` என்று பிரித்ததும் சரியானது.

அளவு தேர்வு செய்யும் இடத்தில் வேறு விதமான பழுது. "ரேடியோ பட்டன், 6 எக்ஸ் 4" என்று மட்டும் வந்தது, எதற்கான தேர்வு என்று சொல்லவில்லை. ஒன்றாகச் சேர்ந்த தேர்வுகளுக்குப் பொதுவான கேள்வியை `legend` சொல்லும்.

```html
<fieldset>
  <legend>அளவு</legend>
  <input type="radio" name="alavu" id="a6">
  <label for="a6">6 அடிக்கு 4 அடி</label>
</fieldset>
```

"6x4" என்பதை "6 அடிக்கு 4 அடி" என்று மாற்றியதைக் கவனியுங்கள். கடையில் வாயால் சொல்வதும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று: அஞ்சல் குறியீட்டில் ஓர் இலக்கம் விட்டுப்போனால் பெட்டி சிவப்பாகும். வாத்தியாருக்கு ஆர்டர் பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை, அவ்வளவுதான் தெரிந்தது. பிழையை எழுத்தாக வைத்து, அதைப் பெட்டியோடு கட்டி, கர்சரையும் அந்தப் பெட்டிக்கே கொண்டுபோக வேண்டும்.

```html
<input id="pin" aria-invalid="true" aria-describedby="pin-pizhai">
<p id="pin-pizhai">அஞ்சல் குறியீட்டில் 6 இலக்கம் வேண்டும்.</p>
```

அறிகுறி: "பட்டன்" என்று மட்டும் சொல்கிறது

கூடைப் படம் மட்டும் போட்ட பட்டன். படத்தின் பக்கத்தில் "கூடையில் சேர்" என்று எழுத்தையே வைத்துவிடுவது எல்லாவற்றையும் விட நல்லது. இடமே இல்லையென்றால் `aria-label="கூடையில் சேர்"`. பட்டன் என்ற பேச்சே வராமல் Tab அதைத் தாண்டிப் போனால் அது பட்டன் போலத் தோற்றம் கொடுத்த div. `<button>` ஆக மாற்றுங்கள்.

அறிகுறி: தமிழ் மட்டும் ஊமையாகிறது, அல்லது ஆங்கிலக் குரல் திணறுகிறது

பக்கத்தின் தொடக்கத்தில் இருக்கும் html குறியைப் பாருங்கள். டெம்ப்ளேட்டோடு வந்த `<html lang="en">` அப்படியே இருக்கும். ஸ்கிரீன் ரீடர் அதை நம்பித் தமிழை ஆங்கிலக் குரலிடம் கொடுக்கிறது. `lang="ta"` என்று மாற்றி, நடுவில் வரும் ஆங்கிலப் பத்திக்கு மட்டும் `lang="en"` கொடுங்கள். ஆங்கிலப் பக்கத்தில் தமிழில் alt எழுதியிருந்தால் அந்த img குறிக்கும் `lang="ta"` தேவை, அதை மறந்துவிடுவோம்.

இதற்குப் பிறகும் பேசவில்லையென்றால் பழுது தளத்தில் இல்லை. கேட்பவரின் கணினியில் தமிழ்க் குரல் நிறுவப்படவில்லை என்று அர்த்தம். விண்டோஸ் அமைப்பில் தமிழ்ப் பேச்சைச் சேர்க்கலாம், அல்லது NVDA-வோடு வரும் eSpeak NG குரலுக்கு மாற்றலாம். அதில் தமிழ் உண்டு, கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும்.

எல்லாம் முடித்து வாத்தியாருக்குச் சொன்னேன். மறுநாள் காலையில் அவரே அழைத்தார். 2 அழுத்திப் பந்தல் விரிப்புக்குப் போய், 3 அழுத்திச் சிவப்பு பச்சையைப் பிடித்து, பெரிய அளவைத் தேர்ந்திருக்கிறார். "கூடையில சேர்னு அமுக்கினனுங்க. சேந்துச்சா இல்லையான்னு சொல்லலீங்க. அதனால மூணு தடவை அமுக்கிட்டேன். நாலு கேட்டேன், இப்போ எத்தனை இருக்குதோ தெரியலீங்க."

பார்த்தேன், கூடையில் பன்னிரண்டு இருந்தது. மேல் மூலையில் எண் மாறுவது கண்ணுக்கு மட்டும் தெரிந்த செய்தி. பக்கம் திறக்கும்போதே காலியான ஒரு இடத்தை வைத்துவிட்டு, சேர்த்ததும் அதற்குள் எழுத்தைப் போட வேண்டும்:

```html
<p id="koodai-seithi" role="status"></p>
```

அதில் "4 ஜமக்காளம் கூடையில் சேர்ந்தது" என்று வந்ததும், கர்சர் இருக்கும் இடத்திலிருந்து நகராமலே NVDA அதைப் படித்துவிடும். சேர்க்கும் நேரத்தில் அந்த `<p>`-யையே புதிதாக உருவாக்கினால் பல நேரம் பேசாது, முதலிலேயே இருக்க வேண்டும். மதியத்துக்குள் இதைப் போட்டுவிட்டு, கூடையில் கூடுதலாக இருந்த எட்டையும் எடுத்துவிட்டு அவரை அழைத்தேன். போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு அழுத்தினார், எனக்கும் கேட்டது.